ஆயாவின் காசுமாலை எத்தனை பவுன்?

காலை ஒன்பதரை மணிக்கெல்லாம் எங்கள் டெஸ்க்கில் நான் முதலில் செய்யும் வேலை, 'இன்றைய தங்கம் விலை'. ஒரு கிராம் இவ்வளவு, ஒரு சவரன் இவ்வளவு, நேற்றைவிட இவ்வளவு ஏற்றம் அல்லது இறக்கம். நாலு வரிதான். ஆனால் அன்றைக்கு நாங்கள் போடும் மற்ற எல்லாச் செய்தியையும்விட அதைத்தான் அதிகம் பேர் படிப்பார்கள். இரண்டு வருடமாக தினமும் தங்கத்தைப் பற்றி எழுதுகிறேன். அதனால் தங்கத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஜூனில் சிதம்பரத்திலிருந்து அம்மா போன் செய்தாள். தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் இரண்டு லட்சம் கட்ட வேண்டும். ஆயாவின் காசுமாலையைப் போட்டுவிடலாம் என்று கீழ வீதிப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். கடைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு மாலையைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாளாம்.

"ஒன்பதரைப் பவுன்டி. ஐந்தரை லட்சம்ங்கிறான். உங்க பெரியம்மாகிட்ட இருக்கிற வளையலும் அதே ஒன்பதரைப் பவுன்தான். அதைப் போட்டா ஏழரைக்கு மேல வரும். எங்கம்மா என்னை ஏமாத்திட்டாளா?"

பிரச்னை தம்பியின் கட்டணம் மட்டுமில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது.

ஆயாவுக்கு இரண்டு பெண்கள். கடைசிக் காலத்தில் நகையைப் பிரித்தபோது, பெரியம்மாவுக்கு நாலு வளையல், அம்மாவுக்குக் காசுமாலை. தராசில் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தார். வளையல் 76 கிராம், மாலை 75 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. யாருக்கும் குறையில்லை என்று ஊரே சொன்னது. இப்போது ஒரே எடையுள்ள இரண்டு தங்கத்துக்கு நடுவில் இரண்டு லட்சம் வித்தியாசம் வந்து நின்றது. அந்த வார இறுதியில் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

மாலையை நான் அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை. ஆயா பொங்கலுக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் போட்டுக்கொள்வார். தங்கம் பார்ப்பதற்கு முன் நாங்கள் ஆயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவிடுவோம். இப்போது ஒரு வெள்ளைத் துணியில் விரித்துவைத்தேன். பட்டு நூலில் கோத்த மாலை. ஒன்பது காசு. காசுகளுக்கு நடுவே சிறு சுண்டைக்காய் அளவில் இருபது குண்டுகள். காசுகளில் ஆறு பெரியது, ராணி, ராஜா தலை போட்டது. இரண்டு மெல்லியது, லட்சுமி உருவம். நடுவில் தொங்கும் ஒன்று மட்டும் சின்னதாக, தடியாக, ஒரு பக்கம் குமிழ்போல் உப்பி, பட்டாணியை அமுக்கி வைத்தது மாதிரி இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வளையம் பற்றவைத்திருந்தது.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கிராம் 22 காரட் தங்கம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (விலை தினமும் மாறும். அது என் வேலை, இந்தக் கட்டுரையின் வேலை இல்லை.) பெரியம்மாவின் வளையல் ஹால்மார்க் உள்ளது. 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு சுத்தத் தங்கம். 76 கிராமும் 22 காரட்டாகவே கணக்காகும். ஏழு லட்சத்து அறுபதாயிரம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மாலைக்குக் கடைக்காரர் போட்ட கணக்கை அம்மா ஒரு துண்டுச் சீட்டில் வாங்கி வந்திருந்தாள். மொத்த எடை 75.2 கிராம். அதில் 'அரக்கு' என்று 12 கிராம் கழித்திருந்தார். மீதி 63.2. அதற்கு மாற்று 80 என்று எழுதியிருந்தார். அதாவது நூறில் எண்பது பங்குதான் தங்கம். அப்படியானால் சுத்தத் தங்கம் ஐம்பதரை கிராம். அதை 22 காரட்டாக மாற்றினால் 55.2 கிராம். ஐந்து லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த 12, அந்த 80 இரண்டும் எங்கிருந்து வந்தன என்பதுதான் கேள்வி.

அரக்கு என்றதும் அம்மாவுக்கு ஏமாற்று வேலை என்று பட்டது. அப்படியில்லை. அந்தக் காலத்துக் குண்டுகள் முழுத் தங்கத்தில் செய்ததில்லை. தங்கத்தை மெல்லிய தகடாகத் தட்டி, இரண்டு அரைக் கிண்ணமாகக் குவித்து, சேர்த்துப் பற்றவைத்து, உள்ளே அரக்கை உருக்கி ஊற்றுவார் பத்தர். தகடு அத்தனை மெல்லிசு. உள்ளே எதுவும் இல்லாவிட்டால் கழுத்தில் பட்டாலே நசுங்கிவிடும். அரக்குதான் அதற்கு எலும்பு. தென் மாவட்டங்களில் பாட்டிமார்கள் காதில் தோளைத் தொடத் தொங்கிய பாம்படமும் தண்டட்டியும் இதே வேலைதான். மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. அத்தனை பெரிய நகையை முழுத் தங்கத்தில் செய்தால் எந்தக் காதும் தாங்காது.

கடைக்காரர் குண்டை உடைத்துப் பார்க்க முடியாது. அதனால் அரக்கு எடையைக் கண்ணால் மதிப்பிட்டு, தனக்கு நஷ்டம் வராதபடி கொஞ்சம் தாராளமாகக் கழித்துவிட்டார். மாற்றையும் அப்படித்தான். அவர் காரட் மீட்டரில் வைத்துப் பார்த்த இடம், காசும் வளையமும் சேரும் இடம். அங்கே இருப்பது பொடி. தங்கத்தோடு தங்கத்தை ஒட்டவைக்க, சீக்கிரம் உருகுவதற்காக வெள்ளியும் செம்பும் கூடுதலாகச் சேர்த்த கலவை. பழைய நகைகளில் இந்தப் பற்று தடிமனாக இருக்கும். அந்த மீட்டர் நகையின் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். பற்று இருந்த இடத்தில் அது குறைவாகக் காட்டியது. அந்த ஒரு எண்ணையே மாலை முழுக்க அவர் பரப்பிவிட்டார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒரு பெரியவர். தபால் துறையில் ஓய்வு பெற்றவர். நாற்பது வருடமாக நாணயம் சேர்க்கிறார். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். "பேர் போட்டா நாளைக்கே வீட்டுக்குத் திருடன் வருவான். இல்லைன்னா சொந்தக்காரன் வருவான். ரெண்டும் வேணாம்." அலுவலக நண்பர் ஒருவர் மூலம் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவும் நானும் மாலையைச் சாப்பாட்டுத் தூக்கில் வைத்து எடுத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் போனோம். பு.முட்லூர் தாண்டும் வரை அம்மா தூக்கை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

பெரியவர் மாலையைக் கையில் வாங்கியதும் எடை போடவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, ஒவ்வொரு காசாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரை மணி நேரம் பேச்சே இல்லை. அவர் வீட்டம்மா இரண்டு தடவை காபி கொடுத்துவிட்டார்.

"ஆறு சவரன்ல அஞ்சு நிஜம். ஒண்ணு நம்ம ஊர்ப் பத்தர் செஞ்சது" என்றார் கடைசியில்.

நிஜ சவரன் என்பது பிரிட்டிஷ் நாணயம். எடை 7.988 கிராம், 22 காரட், குறுக்களவு 22 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூட. நாம் 'ஒரு சவரன் எட்டு கிராம்' என்று சொல்வது இந்தக் காசிலிருந்து வந்ததுதான். 'பவுன்' என்பதும் அவர்களுடைய பவுண்டுதான். தினமும் நான் தலைப்பில் எழுதுகிற சவரனைக் கையில் தொட்டது அன்றைக்குத்தான்.

போலியை எப்படிக் கண்டுபிடித்தார்? விளிம்பைக் காட்டினார். நிஜக் காசின் ஓரத்தில் வரிவரியாகப் பல் இருக்கும், ஒரே சீராக. போலியில் அரத்தால் கீறிய மாதிரி ஏறி இறங்கி இருந்தது. ராணியைச் சுற்றியுள்ள எழுத்துகள் தேய்ந்தவை அல்ல, முதலிலிருந்தே மொழுக்கென்று வார்த்தவை. ஒரு எழுத்து தலைகீழாகவே இருந்தது. "ஏமாத்தறதுக்குச் செஞ்சதுன்னு நினைக்காதீங்க. அஞ்சு காசுதான் கிடைச்சிருக்கும், மாலைக்கு ஆறு வேணும். பத்தர் ஒண்ணு அடிச்சுக் குடுத்திருப்பார். இதுலயும் தங்கம் இருக்கு, மாத்து கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்."

மற்ற ஐந்தில் மூன்று, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1911, 1912, 1913-ம் வருடத்துக் காசுகள். சாதாரணமாகக் கிடைப்பவை. இன்னொன்று 1884. அதில் ராணியின் பின்பக்கம் குதிரை வீரன் இல்லை, கேடயம். கூடவே பொடியாக 'எஸ்' என்ற ஆங்கில எழுத்து. சிட்னி நகரத்து நாணயச்சாலையின் அடையாளம். ஆஸ்திரேலியாவில் அடித்த காசு சிதம்பரத்துக் கழுத்துக்கு வந்திருக்கிறது. ஐந்தாவதைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார். 1918. வருடத்துக்கு மேலே, குதிரை நிற்கும் தரையில் 'ஐ' என்று ஒரு துளி எழுத்து. இந்தியா என்பதன் முதல் எழுத்து. பிரிட்டிஷ் ஆட்சியில் பம்பாயில் சவரன் அடித்தது அந்த ஒரு வருடம் மட்டும்தான்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப அது விலை கூடவா சார்?"

"கூடும்மா. தலையில இந்த வளையம் இல்லாம இருந்தா."

அதுவரை எனக்குத் தெரியாத விஷயம் இதுதான். நாணயம் சேர்ப்பவர் தங்கத்துக்குப் பணம் தருவதில்லை, அது நாணயமாக எவ்வளவு முழுசாக இருக்கிறது என்பதற்குத் தருகிறார். வளையம் பற்றவைக்கும்போது ஓரத்துப் பல் அந்த இடத்தில் உருகிப்போகிறது. வளையத்தை வெட்டி எடுத்தாலும் தழும்பு போகாது. அரத்தால் ராவி மறைத்தால் இன்னும் மோசம். நூறு வருடம் கழுத்தில் உரசியதில் ராஜாவின் தாடி, காது எல்லாம் மொழுமொழுவென்று ஆகியிருக்கிறது. அதனால் எங்கள் 1918, பம்பாயில் அடித்த ஒரே வருடத்துக் காசாக இருந்தும், சேகரிப்பாளருக்கு ஏறக்குறைய உருக்கு விலைதான். இதே காசு வளையமில்லாமல், எழுத்து கலையாமல் யாராவது வீட்டு டப்பாவில் கிடந்தால் கதை வேறு. எனவே உங்கள் வீட்டில் பழைய காசு தனியாக இருந்தால், தயவுசெய்து டாலர் ஆக்குகிறேன் என்று பத்தரிடம் கொண்டுபோகாதீர்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். தேய்த்த காசையும் அவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பிறகு நடுவில் தொங்கிய அந்த அமுக்கிய பட்டாணி. அதைப் பார்த்து அவர் சிரித்தார்.

"இது எந்த ஊர்னு தெரியுமா? நீங்க பஸ்ல வந்த வழியில திரும்பினா வரும். பரங்கிப்பேட்டை."

அது வராகன். ஒரு பக்கம் கிரீடம் வைத்த பெருமாளின் பாதி உருவம், கோடும் புள்ளியுமாக. மறுபக்கம் முழுக்கப் பொரிப் பொரியாகப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் நட்சத்திரம் இருந்தால் அது சென்னைப் பட்டணத்தில் கம்பெனிக்காரர்கள் அடித்த நட்சத்திர வராகன். இதில் நட்சத்திரம் இல்லை. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் வியாபாரம் செய்த பரங்கிப்பேட்டையின் பெயரால் வழங்கிய வராகன் வகை இது. துணி வாங்க வந்த கப்பல்காரர்கள் காலத்துப் பணம். எடை மூன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. மாற்றும் நட்சத்திர வராகனைவிடக் குறைவு. அந்தக் காலத்துச் சராப்புகளே இதைக் கழிவு போட்டுத்தான் வாங்கினார்கள்.

கடைக்காரரின் தராசில் ஒன்பது காசுகளிலேயே மட்டமானது இதுதான். எடையும் குறைவு, மாற்றும் குறைவு. பெரியவரின் மேஜையில் ஒன்பதிலும் உசத்தி இதுதான். வளையம் பற்றவைத்திருந்தும்கூட. சவரன் லட்சக்கணக்கில் அச்சிட்டார்கள், வளையமில்லாத நல்ல சவரன் வேண்டுமென்றால் சேகரிப்பவருக்கு வேறு கிடைக்கும். இந்த வராகன்களில் பெரும்பாலானவை வட்டிக்கடையிலும் பத்தர் உலையிலும் உருகிப்போனவை. மீந்தது குறைவு.

"எவ்வளவு சார் போகும்?" அம்மா கேட்டேவிட்டாள்.

அவர் சொல்லவில்லை. "தங்கத்துக்கு ரேட்டு பேப்பர்ல வரும், உங்க பொண்ணே எழுதுது. இதுக்கு ரேட்டு கிடையாதும்மா. வேணும்னு ஒருத்தன் வரணும். ரெண்டு பேர் வந்தா ஏறும். யாரும் வரலைன்னா மூணு கிராம் மட்டத் தங்கம்தான்." நாணய ஏலம் நடத்தும் நிறுவனங்கள் ஒவ்வொரு ஏலத்துக்குப் பிறகும் எது எவ்வளவுக்குப் போனது என்று வெளியிடுகின்றன. அதே வகை, அதே நிலையில் உள்ள காசு கடைசியாக என்ன விலைக்கு விற்றது என்று பார்ப்பதுதான் ஒரே வழி என்றார். கேட்கிற விலையைப் பார்க்கக் கூடாது, விற்ற விலையைப் பார்க்க வேண்டும். இணையத்தில் யாரோ பழைய காசுக்கு ஒரு கோடி கேட்கிறார் என்று நாங்கள் செய்தி போட்டதை அவர் மறக்காமல் நினைவுபடுத்தினார். எழுதியது நானில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

அம்மா மெதுவாக இன்னொரு கேள்விக்கு வந்தாள். காசை விடுங்கள், மாலையாக இதற்கு மதிப்புண்டா?

நாணயக்காரருக்கு இல்லை, பழைய நகை சேர்ப்பவருக்கு உண்டு என்றார். இருவரும் வேறு வேறு ஆட்கள். நாணயக்காரருக்குக் குறையாகத் தெரிகிற அந்த வளையம், நகைக்காரருக்கு நகையின் பாகம். அவர் பார்ப்பது, மாலை முழுசாக இருக்கிறதா, குண்டுகள் எல்லாம் ஒரே கையால் செய்தவையா, பிற்பாடு யாராவது மிஷின் குண்டு சேர்த்துக் கோத்திருக்கிறார்களா, பழைய கொக்கி இருக்கிறதா, யார் வீட்டு நகை என்பதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்பதை. ஆயா இந்த மாலையோடு எடுத்துக்கொண்ட ஒரு கல்யாண போட்டோ இருந்தால் அதுவே ஒரு சான்று. எங்கள் குண்டுகளில் இருபதில் பதினேழு ஒரே கை. மூன்று பிற்காலத்தவை. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. பழைய பதினேழில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. மூன்று மட்டும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி.

இங்கே ஒரு விஷயம். நகைக்கடைகளில் 'ஆன்டிக் கலெக்‌ஷன்' என்று விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது புதுத் தங்கம். பள்ளங்களில் கருப்பேற்றி, பளபளப்பைக் குறைத்து, பழசு போன்ற தோற்றம் கொடுக்கிறார்கள். கைவேலை அதிகம் என்று சேதாரமும் அதிகம் போடுவார்கள். திரும்ப விற்கப் போனால் எடையும் மாற்றும்தான் கணக்கு, 'ஆன்டிக்' அதில் வராது. உண்மையில் பழசு என்றால் தேய்மானம் மேடான இடங்களில் இருக்கும். மூக்கு, விளிம்பு, வளையத்தின் உள்பக்கம் என்று நூல் உரசுகிற இடமெல்லாம் தேய்ந்திருக்கும். செயற்கையாகக் கருப்பேற்றியதில் பள்ளம் மட்டும் கருப்பாக இருக்கும், மேடு புத்தம் புதுசாகவே நிற்கும்.

"பாம்படமெல்லாம் லண்டன்ல லட்சக்கணக்குல போகுதாமே" என்று நான் படித்ததை எடுத்துவிட்டேன். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் சேகரிப்பில் நம் பாம்படம் இருப்பது உண்மை. சதுரமும் உருண்டையும் முக்கோணமுமாக அடுக்கிய அந்த வடிவத்தை வெளிநாட்டு நகை சேர்ப்பவர்கள் விரும்பி வாங்குவதும் உண்மை. நம் ஊரில் வளர்த்த காதைத் தைத்துக்கொண்டு, பாம்படத்தை உருக்கித் தோடும் மூக்குத்தியும் செய்துகொண்ட பாட்டிகள்தான் அதிகம். உருக்கியபோது அரக்கு போக மிஞ்சிய தங்கத்தைப் பார்த்து எத்தனை பேர் அம்மாவைப்போல் அதிர்ந்தார்களோ.

ஆனால் லண்டன் விலை நம் வீட்டு நகைக்குப் பொருந்தாது என்றார் பெரியவர். 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட நகையையோ நாணயத்தையோ தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அங்கே ஏலத்துக்கு வருபவை ஏற்கெனவே வெளியே போய்விட்டவை. எங்கள் வராகனும் 1884 சவரனும் நூறைத் தாண்டியவை. உள்நாட்டுக்குள்தான் விற்க முடியும். அதைத் தொழிலாகச் செய்கிறவருக்கு உரிமம் வேண்டும். 'பாரின் பார்ட்டி இருக்கு' என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடச் சொன்னார்.

மறுநாள் திருப்பாதிரிப்புலியூரில் மாற்றுப் பார்க்கும் கடை ஒன்றில் மாலையைக் கொடுத்தோம். பெரியவர் சொல்லி அனுப்பியபடி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன். வளையத்தில் இல்லை, காசின் நெற்றியில். நிஜ சவரன் ஐந்தும் 22 காரட்டைத் தொட்டன. போலி 87. லட்சுமிக் காசு 90. வராகன் 70-ஐ ஒட்டி. குண்டுகளுக்குப் பிற்கால மூன்றில் ஒன்றை மட்டும் அறுத்துப் பார்த்தோம். பழையதைத் தொட அம்மா விடவில்லை. உள்ளே செங்கல் நிறத்தில் அரக்கு. சுரண்டி எடுத்துத் தனித்தனியாக எடை போட்டதில் பாதிக்குப் பாதி. இருபது குண்டும் சேர்ந்து 18 கிராம் என்றால் 9 கிராம் தங்கம், 9 அரக்கு. பழைய குண்டு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

மொத்தமாகக் கூட்டினேன். 75.2-ல் அரக்கு 9 போக 66.2. பற்றையும் வளையத்தையும் குறைத்து மதிப்பிட்டும், சுத்தத் தங்கம் ஐம்பத்தெட்டரை கிராம் வந்தது. 22 காரட் கணக்கில் 64 கிராம். சரியாக எட்டு பவுன். ஆறு லட்சத்து நாற்பதாயிரம். கடைக்காரர் சொன்னதைவிட எண்பத்தெட்டாயிரம் அதிகம். அவர் பொய் சொல்லவில்லை, எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு மட்டமானதின் மாற்றை எல்லாவற்றுக்கும் எழுதினார். பழைய கோர்வை நகையைப் போடுவதென்றே முடிவு செய்தாலும், ஒன்றாக உருக்கக் கொடுக்காதீர்கள். சவரனைச் சவரனாக, குண்டைக் குண்டாகப் பிரித்து மாற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இருந்தும் ஒன்பதரைக்கு எட்டு. பெரியம்மாவின் வளையலோடு ஒப்பிட்டால் ஒரு லட்சத்து இருபதாயிரம் குறைவு. அம்மா பஸ்ஸில் திரும்பும்போது பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் போட்டோ தேட பீரோவைத் திறந்தோம். ஆயாவின் சுருக்குப் பைக்குள் ஒரு பழைய பேங்க் அட்டை. நகைக் கடன் அட்டை. தேதி 2012 ஜனவரி. 'தானே' புயல் 2011 டிசம்பர் 30-ம் தேதி கடலூர்க் கரையைக் கடந்ததே, அதில் ஆயா வீட்டு ஓடு முழுக்கப் பறந்துபோனது. அதற்குப் பிறகு கூரை போட வைத்த அடகு. 'காசுமாலை 1. மொத்த எடை 75.4. நிகர எடை 61' என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். கீழே ஆயாவின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாக.

ஆகவே ஆயாவுக்குத் தெரியும். 75-க்கும் 61-க்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துதான் தராசில் வைத்துச் சமம் என்று காட்டியிருக்கிறார்.

அம்மா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளே பெரியம்மாவுக்கு போன் போட்டாள். நான் சண்டையை எதிர்பார்த்தேன். சாயங்காலம் பெரியம்மா சீர்காழியிலிருந்து நேரில் வந்துவிட்டார். அட்டையைப் படித்தார். துண்டுச் சீட்டைப் படித்தார். மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எட்டு பவுனா இது? எனக்கு எதுக்குடி தெரியணும். எங்கம்மா இதை உனக்குக் கொடுத்தா, எனக்குக் கடையில வாங்கின வளையலைக் கொடுத்தா. நான் மூத்தவ. எனக்குத்தானே வரணும் இது? பத்து வருஷமா நான் கேட்டிருப்பேனா?"

அம்மாவுக்கு வாயடைத்துப்போனது. எனக்கும்தான். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள், அதை இங்கே எழுத வேண்டியதில்லை. பெரியம்மா வளையலில் ஒன்றைக் கழற்றி நீட்டினார். அம்மா வாங்கவில்லை. அறுத்த குண்டின் தகட்டை மட்டும் பெரியம்மா கேட்டு வாங்கி, ஒரு பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டார்.

தம்பியின் கட்டணத்துக்கு மாலையை பேங்க்கில் வைத்தோம். அடகில் சேகரிப்பாளர் மதிப்பு எல்லாம் கிடையாது, நிகர எடைக்குத்தான் கடன். ஆனால் இரண்டு லட்சத்துக்கு 60 கிராம் தாராளமாகப் போதும். நகையும் உருகாது. வட்டி கட்டி மீட்டுக்கொள்ளலாம். மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒவ்வொரு காசாக உரசப் போனபோது, "வராகனை மட்டும் ஓரத்துல லேசா உரசுங்க சார்" என்று அம்மா சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பூதக் கண்ணாடியை எடுத்தார்.

புது அட்டையில் 'மொத்த எடை 74.3, நிகர எடை 60.5' என்று இருக்கிறது. பொருளின் பெயர் என்ற இடத்தில் 'காசுமாலை 1' என்று மட்டும்தான் எழுதினார். நடுக்காசு பரங்கிப்பேட்டை வராகன் என்று சேர்த்து எழுதச் சொல்லி அம்மா கேட்டாள். அட்டையில் இடமில்லை என்றார்.